ஆறு டிவி, ஒரு நியூட்ரல்

பாளையங்கோட்டையில் கேமிங் சென்டர் போடப்போவதாக என் அக்கா மகன் வந்து சொன்னபோது, கையில் ஒரு நோட்டுத்தாள் வைத்திருந்தான். நீளமாக ஒரு கட்டம், அதற்குள் எட்டுச் சின்னக் கட்டங்கள். எட்டு பிஎஸ்5, எட்டு டிவி. "மெஷினெல்லாம் பேசி முடிச்சாச்சு மாமா. பெயின்டர் நாளைக்கு வாராரு" என்றான். கரன்ட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "அதான் பிளக் பாயின்ட் இருக்கே." அதற்கு முன் அங்கே ஜவுளிக்கடை நடந்தது. போய்ப் பார்த்தேன், பிளக் பாயின்ட் இருந்தது உண்மைதான். மொத்தம் இரண்டு.

பெயின்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு டேப் எடுத்தோம். மாடிக்கடை. அகலம் 11 அடி, நீளம் 25 அடி. 43 அங்குல டிவி என்பது மூலைக்கு மூலை அளவு, சுவரில் அது பிடிக்கும் அகலம் 38 அங்குலம்தான். ஆனால் இடத்தைத் தீர்மானிப்பது டிவி இல்லை, அதற்கு முன்னால் உட்காரும் ஆட்கள். கால்பந்தாட்டம் ஆட வருகிறவர்கள் ஜோடியாகத்தான் வருவார்கள். இரண்டு பேர் முழங்கை இடிக்காமல் உட்கார 50 அங்குலமாவது வேண்டும். வாசல் பக்கம் கல்லாவுக்கு நான்கு அடி போனால் நீளச் சுவரில் 252 அங்குலம் மிஞ்சும், அதாவது ஐந்து இருக்கை. எதிர்ச்சுவரிலும் ஒரு வரிசை போடலாமே என்றான். டிவியிலிருந்து கண்ணுக்கு ஐந்தரை அடி, சோபாவின் முதுகு ஓரடிக்கு மேல், பின்னால் ஆள் நடக்க மூன்றடி. இதிலேயே 11 அடியில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. கடைசியில் ஐந்து இருக்கை வரிசையாகவும், ஆறாவது உள்சுவரில் கார் ரேஸ் ஸ்டீயரிங்கோடும் என்று முடிவானது. எட்டு ஆறானதில் அவனுக்கு இரண்டு நாள் முகம் சுண்டிப்போயிருந்தது.

பிறகு லோடு கணக்கு. முதலில் வந்த பிஎஸ்5-இன் அடியில் 350 வாட் என்று போட்டிருக்கும். அது உச்சவரம்பு. பிளக்கில் வாட் மீட்டர் செருகிப் பார்த்தால், கனமான ஒரு ஆட்டம் ஓடும்போது 200 வாட்டை ஒட்டி நிற்கும். 43 அங்குல எல்இடி டிவிக்கு 100 வாட். ஆக ஓர் இருக்கைக்கு 300, ஆறுக்கு 1800 வாட். சின்னக் கடைக்கு இது ஒன்றும் மலைக்கும்படியான லோடு இல்லை.

ஆனால் அந்த 1800 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். கன்சோல் பாரம் தூக்குவதும் இல்லை, தண்ணீர் இறைப்பதும் இல்லை. உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் அதே அறைக்குள் வெப்பமாக இறங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனும் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுவான். ஆடுகிறவர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களுமாகப் பதினான்கு பேர் என்றால் 1400 வாட். மொத்தம் 3200. ஒன்றரை டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய வெப்பம் சுமார் 5200 வாட். போதும்போலத் தெரிகிறது. ஆனால் எங்கள் கடைக்கு மேலே மொட்டைமாடி, வெயில் திருநெல்வேலி வெயில். மிச்சமிருக்கும் 2000 வாட்டை மே மாதத்துக் கூரையே விழுங்கிவிடும். அதனால் இரண்டு டன். அது இழுப்பது 2100 வாட் என்று வைத்தால், விளக்கு, ரவுட்டர், பில்லிங் கம்ப்யூட்டர், குளிர்பானப் பெட்டி எல்லாம் சேர்த்து 4300 வாட், 19 ஆம்பியர் வருகிறது. ஜவுளிக்கடைக்கு வாங்கியிருந்த அனுமதி 2 கிலோவாட். ஈபி ஆபீசில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்தோம். மூன்று ஃபேஸ் இணைப்பு வந்தது.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி நல்ல வேலைக்காரர். ஏசிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், முதல் ஃபேஸ். மூன்று இருக்கைகளுக்கு 2.5 வயரும் 16 ஆம்பியர் எம்சிபியும், இரண்டாவது ஃபேஸ். மற்ற மூன்று இருக்கைகளும் விளக்குகளும் மூன்றாவதில், தனித்தனி எம்சிபியோடு. லோடை மட்டும் பார்த்தால் ஆறு இருக்கைகளையும் ஒரே எம்சிபி தாங்கும். ஆனால் ஒருவர் கோலாவைக் கொட்டி எம்சிபி விழுந்தால் பன்னிரண்டு பேரின் ஆட்டமும் அணையும். பிரித்துப் போடுவது அதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் முன்னால், ஆளுக்கு ஷாக் அடித்தால் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி.

இவ்வளவும் சரி. ஆனால் மூன்று ஃபேஸ் வந்ததும் ஓர் ஆபத்தும் கூட வருகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் கன்சோலும் டிவியும் சாவது பெரும்பாலும் இதனால்தான். நியூட்ரல் விட்டுப்போவது.

ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவில் 400. மூன்று ஃபேஸின் மின்சாரமும் திரும்பிப் போகிற பொதுவழி நியூட்ரல். கம்பத்திலோ மீட்டர் போர்டிலோ அந்த ஒரு கம்பி தளர்ந்து கழன்றால் கரன்ட் போகாது. போனால் தேவலை. அதற்குப் பதிலாக, ஒரு ஃபேஸிலிருந்து புறப்பட்ட மின்சாரம் இன்னொரு ஃபேஸின் கருவிகள் வழியாக வழி தேடும். அப்போது லோடு அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் சரியும், லோடு குறைந்த ஃபேஸில் ஏறும். எங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் பதினோரு மணி. ஏசி ஓடுகிறது, 2100 வாட். இரண்டாவது ஃபேஸில் மூன்று இருக்கையும் நிறைந்து 900 வாட். மூன்றாவதில் ஒரே ஒருவன், 300 வாட். இந்த நேரத்தில் நியூட்ரல் விட்டால், கணக்குப்படி ஏசிக்கு 130 வோல்ட்தான் கிடைக்கும். தனியாக உட்கார்ந்திருப்பவனின் டிவிக்கும் கன்சோலுக்கும் 320 வோல்ட்டை ஒட்டி ஏறும். அவை 240 வோல்ட்வரைக்கும் என்று எழுதி விற்கப்படுபவை.

எம்சிபி இதைத் தடுக்காது. அதற்கு ஆம்பியர்தான் தெரியும், வோல்ட் தெரியாது. ஆர்சிசிபிக்கும் தெரியாது. ஏசிக்குப் போட்ட ஸ்டெபிலைசர் ஏசியை மட்டும் காக்கும். வேண்டியது ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஓவர் வோல்டேஜ் கட்ஆஃப். 260, 270 வோல்ட்டைத் தாண்டினால் துண்டித்து, நிலைமை சரியாகி இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தே திரும்ப இணைக்கும். எம்சிபி பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். ஒற்றை ஃபேஸ் கடைக்கும் இது வேண்டும், ஏனென்றால் தெருவின் நியூட்ரல் அறுந்தால் அக்கம்பக்கத்துக் கடைகளின் லோடு நம்மை இதே போல இழுக்கும். ஆபத்தைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு விளக்கு மங்கி, இன்னொன்று வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்க வேண்டும். இதைக் கல்லாவில் உட்காரும் பையனுக்கு முதல் நாளே சொல்லி வைத்தோம்.

இன்னொரு சின்ன விஷயம். பிஎஸ்5-இன் பவர் கார்டு இரண்டு கம்பிதான், எர்த் இல்லை. பல டிவிகளும் அப்படியே. எச்டிஎம்ஐ ஒயரின் உலோக நுனியைத் தொட்டால் சில நேரம் விரலில் மெல்லச் சுரசுரவென்று இருக்கும். ஆளுக்கு ஆபத்தில்லாத கசிவு அது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கன்சோலில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியின் ஒயரைச் செருகும்போது, அந்தக் கசிவு சிக்னல் ஊசிகள் வழியாகப் பாய்ந்து எச்டிஎம்ஐ சிப்பைக் காலி செய்ய முடியும். பிறகு கன்சோல் ஓடும், படம் வராது. அதனால் எங்கள் கடையில் ஒரு சட்டம்: இரண்டையும் சுவிட்ச் போர்டில் அணைத்த பிறகுதான் எச்டிஎம்ஐயைத் தொட வேண்டும். ஓர் இருக்கையின் டிவியும் கன்சோலும் ஒரே போர்டில், ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும். கிரிக்கெட் நாளில் கேபிள் கனெக்ஷனையும் இழுத்துவிடலாம் என்று அவன் சொன்னதை அதனால்தான் மறுத்தேன். தெருவழியே வரும் அந்த ஒயர் எந்த எர்த்தைத் தூக்கிக்கொண்டு வருமோ, யார் கண்டது.

கரன்ட் போனால்? 1800 வாட்டையும் மணிக்கணக்கில் ஓட்டும் பேட்டரி வாங்குவது வீண். நல்ல சைன் வேவ் இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரி போட்டால், ஆறு இருக்கையையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிய காரியம். அதன் வேலை ஆட்டத்தைத் தொடர்வது இல்லை. நடக்கும் மேட்சை முடித்து, சேவ் செய்து, கன்சோலை முறையாக அணைக்க அவகாசம் தருவது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போன கன்சோல் அடுத்த முறை ஸ்டோரேஜைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். சேவ் போன வாடிக்கையாளர் அந்த மணிக்குக் காசு தரமாட்டார்.

மரவேலைக்காரர் டிவிக்குக் கீழே அழகான பெட்டிகள் செய்து கொண்டுவந்தார். கன்சோலை உள்ளே வைத்துப் பூட்டலாம், திருட்டுப் போகாது. முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் பலகை. பிஎஸ்5 தன் சூட்டுக்காற்றைப் பின்பக்கம் தள்ளுகிறது, சுவருக்கும் அதற்கும் 10 சென்டிமீட்டராவது இடைவெளி விடச் சொல்கிறது அதன் கையேடு. மூடின பெட்டிக்குள் 200 வாட் என்பது, தான் விட்ட மூச்சையே தான் இழுப்பது. சோதனைக்கு ஒன்றை உள்ளே வைத்து ஓட்டினோம். முக்கால் மணி நேரத்தில் விசிறி இரைச்சல் சோபா வரைக்கும் கேட்டது. பின்பலகையைக் கழற்றிவிட்டு, கதவுக் கண்ணாடி இருந்த இடத்தில் ஜல்லடைத் தகடு அடிக்கச் சொன்னோம். பூட்டும் இருந்தது, காற்றும் வந்தது.

டிவி வாங்கும்போது கடைக்காரர் பேசுவதெல்லாம் நிறத்தைப் பற்றி. நமக்கு வேண்டியது தாமதத்தைப் பற்றி. பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அது தெரிவதற்கும் நடுவில் டிவி தன் பங்குக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, படத்தை மெருகேற்ற. சினிமா பார்க்கிறவனுக்கு அது தெரியாது. ஃப்ரீ கிக் அடிக்கிறவனுக்கு உடனே தெரியும். "இந்த டிவி லேக் ஆகுது அண்ணே" என்று எழுந்து அடுத்த சென்டருக்குப் போவான்.

இதை அளக்க போனே போதும். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில், கன்ட்ரோலரின் பட்டனும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம்பிடியுங்கள். விரல் பட்டனை அமுக்கிய படத்திலிருந்து திரையில் ஆட்டக்காரன் அசைகிற படம்வரை எண்ணுங்கள். ஒரு படம் என்பது 4 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் டிவியில் சாதாரண முறையில் 43 படம் வந்தது, கேம் மோடில் 24. வித்தியாசம் 19 படம், ஏறக்குறைய 80 மில்லி செகண்ட். மொத்த எண்ணிக்கையில் ஆட்டமும் கன்சோலும் எடுக்கும் நேரமும் கலந்திருப்பதால், அதை மட்டும் வைத்து டிவியைத் திட்டக் கூடாது. ஒரே ஆட்டத்தை இரண்டு முறையில், அல்லது இரண்டு டிவியில் ஓட்டி வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பல டிவிகளில் கேம் மோடை ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒயரை இடம் மாற்றினால் பழைய தாமதம் திரும்பி வந்துவிடும்.

ஓஎல்இடி டிவி வேண்டவே வேண்டாம் என்றேன். படம் அழகுதான். ஆனால் ஸ்கோர் பலகை நாளெல்லாம் ஒரே மூலையில் நின்றால் அதன் சாயல் திரையில் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். திரையின் நடு, உட்கார்ந்தவன் கண்மட்டத்துக்கு வரவேண்டும், தரையிலிருந்து மூன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே. சென்டர்காரர்கள் அழகுக்காக ஆறடியில் மாட்டிவிடுவார்கள், ஆடுகிறவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போவார்.

நெட்வொர்க்கில் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை எம்பிபிஎஸ் போட வேண்டும் என்று. ஆன்லைனில் ஆடுவதற்கு வேகம் அதிகம் வேண்டாம். ஒரு கன்சோலுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூட முழுதாகத் தேவைப்படாது. தேவைப்படுவது சீரான ஓட்டம். அதைக் கெடுப்பது டவுன்லோட். ஆட்டம் ஒன்று 100 ஜிபி என்றால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் முழுவேகத்தில் இறங்கவே இரண்டேகால் மணி நேரம். ஆறு கன்சோலும் இறக்கினால் பதின்மூன்று மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்றாவது இருக்கையில் யாரோ அப்டேட்டைத் தட்டிவிட்டால், ரவுட்டரின் வரிசையில் அந்த டவுன்லோட் முன்னால் குவிந்து, மற்ற ஐந்து பேரின் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் பின்னால் காத்துக் கிடக்கும். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் ஊருக்கே கார்டு கொண்டுவந்தால் எப்படியோ, அப்படி. ரவுட்டரில் ஒவ்வொரு கன்சோலுக்கும் வேக வரம்பு வைத்தோம், அப்டேட்டெல்லாம் ராத்திரி கடை சாத்திய பிறகு. பிஎஸ்5 ஆட்டத்தை யுஎஸ்பி டிரைவில் நகலெடுத்து வைக்கலாம். அங்கிருந்தே ஆட முடியாது, ஆனால் திரும்ப உள்ளே நகலெடுப்பது மறுபடி டவுன்லோட் செய்வதைவிட எவ்வளவோ சீக்கிரம்.

நண்பர்களோடு பார்ட்டியில் சேர முடியவில்லை, குரல் கேட்கவில்லை என்று புகார் வந்தால் கன்சோலில் இணையச் சோதனையை ஓட்டி `NAT Type` என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 3 என்றால், ரவுட்டரில் `UPnP` அணைந்திருக்கலாம். அதைப் போட்டும் மாறவில்லையா? ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டிருக்கக்கூடும். அதை நம் ரவுட்டரில் எதைத் திருகியும் சரிசெய்ய முடியாது. தனி ஐபி முகவரி கேட்டு வாங்க வேண்டும்.

கன்சோல்களுக்கு வைஃபை கொடுக்கவில்லை, ஆறுக்கும் ஒயர். கன்ட்ரோலர்கள் ப்ளூடூத்தில், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. பன்னிரண்டு கன்ட்ரோலரும் வாடிக்கையாளர்களின் போன்களும் நிறைந்த அறையில் ரவுட்டரும் அதே அலைவரிசையில் கத்தினால் பட்டன் விட்டுவிட்டு வேலை செய்யும். போன்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும், அதுவும் தனி கெஸ்ட் வைஃபையாக. சுவிட்ச் எட்டுத் துளை போதும் என்று வாங்கி வந்தான். ஆறு கன்சோல், பில்லிங் கம்ப்யூட்டர், ரவுட்டருக்குப் போகும் ஒயர், எட்டும் முடிந்தது. கேமராவுக்கு எங்கே போவது? அடுத்த நாள் பதினாறு துளையாக மாற்றிக்கொண்டு வந்தான்.

நெட்வொர்க் ஒயரில்தான் ஏமாந்தோம். கேட்6 என்று அச்சடித்த சுருள், விலை சல்லிசு. நான்காவது இருக்கை மட்டும் டவுன்லோடில் 95-ஐத் தாண்டவே இல்லை, பக்கத்து இருக்கையில் 200 வருகிறது. லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால் இணைப்பு வேகம் 1000-க்குப் பதில் 100. எட்டுக் கம்பியில் ஒரு ஜோடி சேராவிட்டால் சுவிட்ச் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும், நெட் வேலை செய்துகொண்டே இருக்கும். நுனியைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. வளைத்த இடத்தில் முறிந்திருந்தது. சுருளை வாங்கும்போதே ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்திருந்தால் சுவரைத் திரும்ப உடைத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் முறை நிதானமாகச் செய்தோம். பவர் ஒயர் தரையோரம் ஒரு கேசிங்கில், நெட் ஒயர் அதற்கு ஓரடி மேலே வேறொரு பைப்பில். இரண்டும் குறுக்கிட வேண்டிய ஒரே இடத்தில் நேர்க்குறுக்காக. அந்த பைப்பை நிறைக்காமல் பாதி காலியாகவே விட்டோம், ஏழாவது ஒயர் ஒரு நாள் வரும். எச்டிஎம்ஐ ஒயரை மட்டும் சுவருக்குள் விடவில்லை. கன்சோல் டிவிக்கு நேர் கீழே இருப்பதால் பெட்டியோடு வந்த ஒன்றரை மீட்டர் ஒயரே எட்டியது. நீண்ட எச்டிஎம்ஐ வாங்கினால் படம் விட்டுவிட்டு இருளும். கன்சோலின் பின்னால் பவர் கார்டு சும்மா செருகி நிற்பது, கால் பட்டாலே கழன்று வரும். எல்லா ஒயரையும் பெட்டிப் பலகையில் கிளிப் அடித்துப் பிடித்தோம், பிளக்கில் இழுவை விழாதபடி. ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு நுனியிலும் இருக்கை எண் ஒட்டினோம்.

திறந்த நாள் சாயங்காலம் கூட்டம் நிறைந்தபோது ஒரு பையன் கத்தினான், "அண்ணே, கன்ட்ரோலர் செத்துப்போச்சு." இரண்டாவது இருக்கையில் அவன் அமுக்க அமுக்க, ஐந்தாவது இருக்கைத் திரையில் யாரும் தொடாமல் மெனு ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் சார்ஜ் போட ஐந்தாவது கன்சோலில் அதைச் செருகியிருக்கிறார்கள், அதனோடு அது ஜோடி சேர்ந்துவிட்டது. சுவருக்குள் இருக்கும் ஒயருக்கெல்லாம் எண் ஒட்டிய நாங்கள், கையில் இருக்கும் பன்னிரண்டு கன்ட்ரோலருக்கு ஒட்டவில்லை. "ஸ்டிக்கர் மிச்சம் இருக்கா மாமா?" என்று கல்லாவைத் துழாவிக்கொண்டிருந்தான் அக்கா மகன்.